முன், பின், நடுவில் என்ன நடந்தது?

பெயின்டிங் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டால் இப்போதெல்லாம் விசிட்டிங் கார்டை நீட்டுவதில்லை, கைப்பேசியை நீட்டுகிறார். இடப்பக்கம் உப்புப் பொரிந்து கறை ஏறிய சுவர். வலப்பக்கம் பளபளவென்று அதே சுவர். கீழே 'முன்', 'பின்' என்று எழுதியிருக்கும். விரலால் தள்ளத் தள்ள வீடு வீடாக வந்து போகும். பார்க்கிறவர் மனம் அங்கேயே பாதி இளகிவிடும். அடுத்த கேள்வி, "சதுர அடிக்கு எவ்வளவு?" என்பதுதான்.

அந்தப் படங்கள் பொய் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலானவை அந்த மனிதரே செய்த வேலையாகத்தான் இருக்கும். ஆனால் வேலை முடிந்த அன்று எடுத்த படம், அன்றைக்குச் சுவர் அழகாக இருந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. பெயின்ட் அடித்த அன்று எந்தச் சுவர்தான் அழகாக இருக்காது? ஓதம் ஏறிய சுவரில் நேற்றுப் பட்டி பார்த்து, இன்று எமல்ஷன் அடித்து, நாளைக் காலையில் படம் எடுத்தால் ஒரு குறையும் தெரியாது. குறை தெரிய ஒரு மழைக்காலம் வேண்டும். அதனால் இந்த வகைத் தொகுப்பைப் பார்க்கும்போது, இரண்டு படங்களை ஒப்பிடுவதைவிட அந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் போயிருக்கிறது, அந்த நாட்களில் என்ன நடந்தது என்று பார்ப்பதே பயன்.

இந்தச் சந்தேகம் புதிதும் இல்லை. 1870களில் லண்டனில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் நடத்திய தாமஸ் பர்னார்டோ, கந்தலோடு ஒரு படமும் இல்லத்தில் சேர்ந்த பிறகு ஒரு படமுமாக அட்டைகள் அச்சிட்டு விற்று நிதி திரட்டினார். கந்தல் படங்கள் ஜோடிக்கப்பட்டவை என்று புகார் எழுந்தது. 1877இல் விசாரித்த நடுவர்கள் பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தார்கள். ஆனாலும் படங்களில் புனைவு கலந்ததை ஏற்கவில்லை. கவனித்தீர்களா, அங்கே ஜோடனை நடந்தது 'முன்' படத்தில். சுவர் விஷயத்திலும் அப்படித்தான். விளக்கை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, பழைய துணி மூட்டையை மூலையில் போட்டு 'முன்' எடுப்பார்கள். எல்லா விளக்கையும் போட்டு, புதுத் திரைச்சீலை தொங்கவிட்டு 'பின்' எடுப்பார்கள். இதற்குள்ளே பெயின்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

ஓர் அறை, ஒரு சுவர்

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். சென்னையில் வேளச்சேரி, மடிப்பாக்கம் போலத் தண்ணீர் தேங்கும் தாழ்வான பகுதி. இருபத்தைந்து ஆண்டுப் பழைய தரைத்தள வீடு. படுக்கையறை 12க்கு 10 அடி, உயரம் 10 அடி. நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 40 கழித்தால் 400 சதுர அடி. இதில் பன்னிரண்டு அடி நீளமுள்ள வெளிச்சுவரில், தரையிலிருந்து மூன்று அடி உயரம் வரை பெயின்ட் கொப்புளித்து, விரல் பட்டால் மாவாக உதிர்கிறது. அதற்கு மேலே சுவர் நன்றாகவே இருக்கிறது.

ஒழுங்காக எடுத்த 'முன்' படத்தில் இந்தக் கறையின் வடிவம் தெரிய வேண்டும். வடிவத்தை வைத்துத்தான் காரணத்தைப் பிடிக்க முடியும். தரையை ஒட்டி ஒரே சீராகப் பட்டை போல ஓடினால் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. ஓர் இடத்தை மையமாக வைத்து வட்டமாகப் பரவியிருந்தால், சுவருக்குள்ளேயோ அடுத்த பக்கக் குளியலறையிலோ குழாய் கசிகிறது. ஜன்னல் மூலையிலிருந்து கீழே வழிந்த மாதிரி இருந்தால் சன்ஷேடைப் பார்க்க வேண்டும். கூரையை ஒட்டித் தொடங்கினால் மொட்டை மாடியும் கைப்பிடிச் சுவரும். வருஷம் முழுக்க ஈரமா, மழை பெய்தால் மட்டுமா என்பதையும் வீட்டுக்காரரிடம் கேட்டுப் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதிவிட்டால் பாதி நோய் பிடிபட்டுவிடும். சுவரின் ஒரு மூலையை மட்டும் மிக அருகில் எடுத்த படத்தில் இது எதுவும் தெரியாது. அருவருப்பு மட்டும் தெரியும்.

நம் அறையில் கறை சீரான பட்டை. மண்ணிலிருந்து ஏறும் ஈரம். ஆனால் அஸ்திவாரத்துக்கு மேலே, சுவர் எழும்பும் இடத்தில், ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு ஒன்றைக் கட்டும்போதே போட்டிருக்கிறார்கள். பிறகு ஏன் ஏறுகிறது? வெளியே போய்ப் பார்த்தால்தான் விடை. சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் மட்டம் உயர்ந்தது. தெருத் தண்ணீர் உள்ளே வருகிறதே என்று வீட்டுக்காரர் பக்கவாட்டுச் சந்தில் மண் கொட்டி உயர்த்தி, மேலே சிமென்ட் தளம் போட்டார். இப்போது வெளித்தளம் வீட்டுக்குள் இருக்கும் தரையைவிட ஓர் அடி உயரம். தடுப்பு அடுக்கு மண்ணுக்குள் புதைந்துவிட்டது. அதற்கு மேலே உள்ள செங்கல் நேராக ஈர மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சென்னையின் பழைய தனிவீடுகளில் இது சர்வ சாதாரணம்.

அப்படியானால் இந்த வேலையின் மிக முக்கியமான படம் பெயின்டே இல்லாத படம். சந்தில், சுவரை ஒட்டி ஓர் அடி அகலத்துக்குத் தளத்தை உடைத்து, தடுப்பு அடுக்குக்குக் கீழே வரை மண்ணை எடுத்து, தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுத்த படம். அது தொகுப்பில் இருந்தால் அந்தக் காண்ட்ராக்டருக்கு வேலை தெரியும். இல்லாமல் பளபளக்கும் உட்சுவர் மட்டும் இருந்தால், அவர் அடுத்த ஆண்டும் அதே வீட்டுக்கு வரப் போகிறார்.

நாற்பத்தைந்து நாள் கணக்கு

உள்ளே என்ன செய்ய வேண்டும்? முதலில், ஈரத்தோடு வந்த உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்ணிலும் செங்கலிலும் உள்ள உப்பு தண்ணீரில் கரைந்து சுவரின் மேற்பரப்புக்கு வருகிறது. தண்ணீர் காற்றில் போய்விடும், உப்பு தங்கிப் படிகமாக வளரும். வளரும் படிகம் பெயின்டை உள்ளிருந்து தள்ளுகிறது. பெயின்ட் உரிவதற்கு அதுவே காரணம், பெயின்டின் தரம் அல்ல. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எமல்ஷனாக இருந்தாலும் உரியும். வெள்ளையாகப் பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் தவறு. கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழுந்த தூளைப் பெருக்கி அள்ளிவிட வேண்டும்.

கறை மூன்று அடி என்றால் நான்கு அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்துச் செங்கல் தெரிய விட வேண்டும். பன்னிரண்டு அடி நீளத்துக்கு 48 சதுர அடி. இது ஒரு நாள் வேலை. பிறகு ஒரு பத்து நாளாவது சும்மா காய விட வேண்டும். இந்த நாட்களில் மீதி உப்பும் வெளியே பூக்கும், தேய்த்து எடுக்கலாம். அப்புறம் சிமென்ட் பூச்சு. அதற்கு ஏழு நாள் தண்ணீர் தெளித்துப் பதமாக்க வேண்டும். அதையும் சேர்த்துப் புதுப் பூச்சுக்கு 28 நாள் விட்டுத்தான் பெயின்ட் பக்கம் போகலாம். சிமென்டின் காரம் அடங்காமல் அடித்தால் நிறம் திட்டுத் திட்டாக வெளுக்கும். கடைசியில் பட்டி, உப்புத்தாள், பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன். இதற்கு ஐந்து நாள். எல்லாம் கூட்டினால் நாற்பத்தைந்து நாள். ஆள் வேலை செய்தது என்னவோ ஏழெட்டு நாள்தான், மிச்சமெல்லாம் சுவர் காய்ந்த நாள்.

இனித் தொகுப்புக்குத் திரும்புவோம். 'முன்' படத்தில் மூன்று அடி ஓதம், 'பின்' படத்தில் கண்ணாடி போலச் சுவர், கீழே 'ஐந்தே நாளில் முடித்துக் கொடுத்தோம்' என்று பெருமையாக ஒரு வரி. அந்த வரியே குற்றப்பத்திரிகை. ஐந்து நாளில் பழைய பூச்சை எடுத்துப் புதிதாகப் பூசிக் காய வைக்க முடியாது. சுரண்டி, பட்டி வைத்து மூடியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

இதே அறைக்கு ஒரு நேர்மையான குறிப்பு எப்படி இருக்கும்? ஏறக்குறைய இப்படி:

"படுக்கையறை, சுவர் 400 சதுர அடி. தெற்கு வெளிச்சுவரில் 3 அடி உயரம் ஓதம். காரணம், வெளித்தளம் உள்தரையைவிட 1 அடி உயர்ந்தது. சந்தில் தளம் உடைத்து மண் எடுத்தோம். உள்ளே 48 சதுர அடி பூச்சு மாற்றினோம். பட்டி 2 கோட், பிரைமர் 1, எமல்ஷன் 2. ஷேட் எண் வீட்டுக்காரரிடம் கொடுத்திருக்கிறோம். தொடங்கியது பிப்ரவரி, முடித்தது மார்ச் கடைசி. மற்ற மூன்று சுவர்களில் பூச்சைத் தொடவில்லை, பெயின்ட் மட்டும். தரையோரப் பலகை ஓடுகள் வேலையில் சேராது."

கடைசி இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். எதைச் செய்யவில்லை என்று எழுதுகிற காண்ட்ராக்டர் கிடைத்தால் விடாதீர்கள். சண்டை வருவதெல்லாம் அங்கேதான்.

அளவுகள் எழுதியிருந்தால் கணக்குப் போட்டும் பார்க்கலாம். உள்சுவர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு, ரகத்தையும் சுவரையும் பொறுத்து, ஒரு லிட்டர் 100 முதல் 150 சதுர அடி வரை வரும். 400 சதுர அடிக்கு மூன்று, நான்கு லிட்டர் ஆகும். ஒன்றரை லிட்டரில் முடித்ததாகக் குறிப்பு சொன்னால், ஒன்று அடித்தது ஒரே கோட், அல்லது டப்பாவில் சொன்னதற்கு மேல் தண்ணீர் கலந்திருக்கிறார்கள். படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஈரத்துணியால் துடைக்கும்போது கையோடு நிறம் வருவதில்தான் வித்தியாசம்.

காணாமல் போகும் நடுப்படம்

ஓதம் பணத்தைத்தான் கெடுக்கும். உயிருக்கே ஆபத்தான ஒரு ஜோடிப் படமும் இந்தத் தொகுப்புகளில் அடிக்கடி வருகிறது. கூரையில் காங்கிரீட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி பல்லிளிக்கும் 'முன்'. வழவழவென்று வெள்ளைக் கூரையாக ஒரு 'பின்'. கடலோர ஊர்களில் பழைய அடுக்குமாடிகளில் இது நிறைய.

கம்பி துருப்பிடித்தால் பருமன் கூடும். அந்த விரிசல் அழுத்தம்தான் காங்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது. அதன் மேல் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, வெள்ளை அடித்துவிட்டால் துரு நிற்காது. உள்ளே வேலையைத் தொடரும், ஒரு நாள் பூசிய பத்தையும் சேர்ந்து தலையில் விழும். முறையாகச் செய்வதென்றால், தட்டிப் பார்த்து பொள்ளல் ஓசை கேட்கும் இடமெல்லாம் உடைக்க வேண்டும். கம்பிக்குப் பின்பக்கமும் விரல் நுழையும் அளவு காங்கிரீட்டை எடுக்க வேண்டும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். கம்பி இளைத்துப்போயிருந்தால் கட்டடப் பொறியாளர் வந்து பார்க்காமல் யாரும் கை வைக்கக் கூடாது. கூரைக்கு முட்டுக் கொடுக்க வேண்டியதும் வரலாம். மேலே மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் இறங்கும் வழியையும் அடைக்க வேண்டும்.

இத்தனையும் 'முன்', 'பின்' இரண்டிலும் தெரியாது. உடைத்துத் துலக்கிய கம்பியைக் காட்டும் நடுப்படத்தில் மட்டுமே தெரியும். கூரை வேலைக்கு அந்தப் படம் இல்லையென்றால் அந்த ஜோடியைப் பாராட்ட வேண்டாம்; அவரிடம் கூரை வேலையைக் கொடுக்கவும் வேண்டாம்.

விரிசலுக்கும் இதே கதைதான், அபாயம் குறைவு. பீமுக்குக் கீழே செங்கல் சுவர் சேரும் இடத்தில் நேர்கோடாக ஒரு விரிசல் பல வீடுகளில் இருக்கும். வெயிலுக்கு காங்கிரீட்டும் செங்கல்லும் ஒரே அளவில் விரிவதில்லை என்பதால் வருவது. பட்டியால் அடைத்தால் படத்தில் மறையும், அடுத்த கோடையில் அதே இடத்தில் கோடு விழும். விரிசலைச் சற்று அகலமாக்கி, நெகிழும் நிரப்பியை அடைத்து, மேலே வலைப்பட்டை ஒட்டிய பிறகு பூசியிருக்கிறார்களா என்று கேளுங்கள். சாய்வாகப் போகும், அகலமாகிக்கொண்டே வரும் விரிசல் பெயின்டர் பார்க்க வேண்டியது இல்லை. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தால், அது வளர்கிறதா என்று சில மாதத்தில் தெரிந்துவிடும். அந்தப் பென்சில் குறியும் ஒரு 'முன்' படம்தான்.

படம் எடுக்கும் கை

வேலை தெரிந்த காண்ட்ராக்டர்கள் பலருக்குப் படம் எடுக்கத் தெரியவில்லை என்பதும் உண்மை. நல்ல வேலையைச் செய்துவிட்டு, கோணல்மாணலாக இரண்டு படம் எடுத்து, தன் உழைப்பைத் தானே மறைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காகவும் சில வார்த்தை.

இரண்டு படமும் ஒரே இடத்தில் நின்று எடுக்க வேண்டும். தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தால் போதும். கைப்பேசியின் அகல லென்ஸ் அறையைப் பெரிதாக்கிக் காட்டும். ஒரு படத்துக்குச் சாதாரண லென்ஸ், இன்னொன்றுக்கு அகல லென்ஸ் என்றால் ஒப்பீடு கெட்டுவிடும். ஸ்விட்ச் போர்டோ ஜன்னல் சட்டமோ இரண்டிலும் தெரிய வேண்டும், அதே சுவர்தான் என்பதற்கு அதுவே சாட்சி. அதே நேரம், அதே விளக்கு. கைப்பேசி தானாகவே நிறத்தைத் திருத்தும், சந்தன நிறச் சுவரை வெள்ளையாக்கிவிடும். மூலையில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி எடுத்தால் இரண்டு படத்திலும் நிறம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பவருக்கே புரியும்.

நேராக நின்று எடுத்த படத்தில் எல்லாச் சுவரும் சமம்தான். பட்டி வேலையின் தரம் தெரிய வேண்டுமானால், விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் வழுக்கிப் போகும்படி ஒரு படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு மேடும் பள்ளமும் உப்புத்தாள் தேய்த்த கீறலும் நிழல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். இப்படி ஒரு படத்தைத் துணிந்து போடுகிறவர் கைமேல் எனக்கு மதிப்பு உண்டு.

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் படத்தைப் போடுவதும் முக்கியம். பூஜை அலமாரி, குடும்பப் படம், வாசல் கதவெண் எல்லாம் தெரியாமல் இருக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்த மூலப் படத்தில் இடக்குறிப்பும் பதிவாகியிருக்கும். அதே மூலப் படத்தில்தான் எடுத்த தேதியும் இருக்கும் என்பதால், வேலை கொடுக்கப் போகிறவர் "ஒரிஜினலைக் காட்டுங்கள்" என்று அவர் கைப்பேசியிலேயே பார்க்கக் கேட்கலாம். வாட்ஸப்பில் வந்த நகலில் அந்த விவரம் பெரும்பாலும் இருக்காது. சந்தேகம் என்றால் படத்தைக் கொடுத்துத் தேடும் வசதியில் போட்டுப் பாருங்கள். வேறு ஊர் நிறுவனத்தின் வீடு இங்கே வந்து உட்கார்ந்திருப்பதும் உண்டு.

பொங்கலுக்கு முன்னால் அடிப்பது

தேதி என்றதும் இன்னொன்று. நம் வழக்கம் பொங்கலுக்கு வெள்ளை அடிப்பது. அந்தக் காலத்தில் அது சரியாகவே இருந்தது, ஏனென்றால் அடித்தது சுண்ணாம்பு. சுண்ணாம்புப் பூச்சின் வழியே சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மழை நனைத்த சுவரில் மார்கழியில் அடித்தாலும் பெரிய கேடு வராது, வந்தாலும் அடுத்த பொங்கலுக்கு மறுபடி அடிக்கப் போகிறோம். இன்றைய எமல்ஷன் சுவரின் மேல் ஒரு படலம் போலப் படிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்து நிற்கும் ஒன்பது அங்குலச் சுவரின்மேல் மார்கழியில் அந்தப் படலத்தை மூடினால், தையும் மாசியும் வெயில் ஏற ஏற உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி தேடிக் கொப்புளமாகக் கிளம்புகிறது. வழக்கம் அப்படியே இருக்கிறது, பொருள்தான் மாறிவிட்டது.

அதனால் தொகுப்பில் 'பின்' படங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி தேதியாக இருந்தால், அவை முடிவல்ல, இடைவேளை. வெளிச்சுவர் வேலைக்கு மாசியிலிருந்து சித்திரை வரை நல்ல காலம். பண்டிகைக்காக அவசரம் என்றால் உள்ளே காய்ந்த சுவர்களை மட்டும் அடித்துவிட்டு, ஓதச் சுவரைக் கோடைக்கு விட்டுவைக்கலாம். சுவர் காய்ந்ததா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. ஓர் அடிச் சதுரப் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் ஈரம். வெளிப்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அது காற்றின் ஈரம்.

ஒப்பந்தம் பேசும்போது, தொகுப்பில் உள்ள வீடுகளில் கடந்த ஐப்பசிக்கு முன்னால் முடித்தவை எவை என்று கேளுங்கள். அதில் ஒரு வீட்டுக்காரரின் சம்மதத்தோடு போய், அந்தச் சுவரின் கீழ் மூன்று அடியை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். அரசுக் கட்டட ஒப்பந்தங்களில் ஒரு சிறு பகுதியைப் பிடித்து வைத்து, குறை எதுவும் வரவில்லை என்றால் பிறகு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. ஓதச் சுவர் வேலைக்கு நீங்களும் அதைக் கேட்கலாம். ஒரு மழைக்காலம் கழித்து மூன்றாவது படம் எடுக்கும் அன்று மீதிப் பணம் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வேலையில் நம்பிக்கை உள்ளவர் சம்மதிப்பார்.